12 மணி நேரமும் 280 அம்பியர் மணியும்: சோலார் விலைமனுக்களுக்குப் புள்ளி போடுவது எப்படி?

கேள்வி: வடமராட்சியில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். பால் குளிரூட்டும் தொட்டிக்குச் சோலாரும் பற்றரியும் போட மூன்று கொம்பனிகள் வந்து பவர்பொயின்ற்றில் விளக்கம் தந்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒன்று "10 கிலோவாற்று மணி பற்றரி" என்கிறது, மற்றது "280 அம்பியர் மணி" என்கிறது, மூன்றாவது "12 மணி நேரம் தாங்கும்" என்கிறது. நிர்வாக சபை புள்ளி அட்டவணை கேட்கிறது. நான் போட்ட அட்டவணையில் 34 நிரல்கள் வந்துவிட்டன, பாதிக் கட்டங்கள் வெறுமை. காலையில் ஏறத்தாழ 500 லீற்றர் பால் வரும், கொம்பிரசர் 2.5 கிலோவாற்று. சிலைட்டுகளை இணைத்திருக்கிறேன். எப்படிச் செய்வது?

பதில்: செயலாளர் அவர்களுக்கு,

சிலைட்டுகளில் இருந்த தலைப்புகளையே நிரல்களாக எடுத்ததால்தான் 34 வந்தது. ஒவ்வொரு கொம்பனியும் தனக்குச் சாதகமானதைத்தான் தலைப்பாகப் போடும். 40 சிலைட்டு கொண்டுவந்த கொம்பனி உங்கள் அட்டவணையில் 20 நிரல்களைப் பிடித்துக்கொள்ளும், 12 சிலைட்டோடு வந்தவருக்கு அதில் பெரும்பாலும் வெறுங்கட்டம்தான் மிஞ்சும். அதற்குப் புள்ளி போட்டால் யார் கூடப் பேசினார் என்பதற்கே புள்ளி போட்டதாகிவிடும். அந்த அட்டவணையை மூடிவைத்துவிட்டு, சிலைட்டுகளைப் பார்க்காமல் ஒரு வெறுந்தாளில் நிலையத்தின் தேவையை எழுதுங்கள்.

உங்கள் தேவையைக் கணக்கிடுவது கஷ்டமில்லை. 500 லீற்றர் பாலை 35 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 17 அலகு, அதாவது 17 கிலோவாற்று மணி, வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குளிரூட்டி ஒரு அலகு மின்சாரத்தைக் கொண்டு சுமார் இரண்டரை அலகு வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால், 7 அலகு மின்சாரம் தேவை. உங்கள் கொம்பிரசருக்கு அது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். பம்பு, விளக்கு, கணினி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவாற்று, நான்கு மணி நேரத்துக்கு 2 அலகு. ஆக, பால் வரும் வேளையில் நான்கு மணி நேரம் கரண்ட் நின்றால் உங்களுக்கு வேண்டியது 9 அலகு. இங்கே மின்வெட்டு அதைவிட நீளம் என்றால் நான்கை மாற்றுங்கள், மற்றக் கணக்கு அப்படியே நிற்கும்.

இந்த 9 அலகும் தொட்டியின் பிளக்கில் வந்து சேர வேண்டிய அலகு. பற்றரிப் பெட்டிக்குள் இருப்பதாக எழுதியிருக்கும் அலகு வேறு. மூன்று கொம்பனிகளின் பேச்சையும் "பிளக்கில் எத்தனை அலகு?" என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக மாற்றுவதுதான் முதல் வேலை.

அதற்கு முன் ஒரு சிறு பதிவேடு வேண்டும். எக்செல்லில் தனித் தாளொன்றில், கொம்பனி சொன்ன ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு நிரை: எந்தக் கொம்பனி, எத்தனையாவது சிலைட்டு, அவர்கள் எழுதிய அதே வார்த்தைகள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை, அதற்கு என்ன ஆதாரம். வார்த்தைகளைத் திருத்தாமல் அப்படியே பெயர்த்து எழுதுங்கள். "12 மணி நேரம் தாங்கும்" என்று இருந்தால் அதையே எழுதுங்கள், "காப்பு நேரம் 12" என்று சுருக்கினால் நிபந்தனை தொலைந்துவிடும். உங்கள் மூன்றாவது கொம்பனியின் 7ஆம் சிலைட்டில் அடிக்குறிப்பாக "800 வாற்று சுமையில்" என்று இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவேடே.

இனி மாற்றுவோம். கொம்பனிகளை அ, ஆ, இ என்று அழைக்கிறேன்.

அ சொல்வது 10.24 கிலோவாற்று மணி. கிலோவாற்று மணியும் மின்சார சபைப் பட்டியலில் வரும் அலகும் ஒன்றுதான். ஆனால் இது பெயரளவு. அதே கொம்பனியின் தரவுத்தாள், 90 வீதம் வரைதான் இறக்கலாம் என்கிறது. மீதியைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும். 10.24ஐ 0.9ஆல் பெருக்க 9.2. பற்றரியிலிருந்து பிளக்குக்கு வரும் வழியில் இன்வேட்டர் கொஞ்சம் தின்னும். அதற்கு மூவருக்கும் பொதுவாக 0.94 என்று வைக்கிறேன். யாராவது தமது தரவுத்தாளில் வேறு எண் காட்டினால் அவருக்கு மட்டும் அதைப் போடுங்கள். முடிவு 8.66 அலகு.

ஆ சொல்வது 51.2 வோல்ற்று, 280 அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 14.3 அலகு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த லிதியம் அயன் பொசுபேற்று வகையில் 3.2 வோல்ற்றுக் கலங்கள் 16 தொடராக இருக்கும், அதனால் 51.2. சில சிலைட்டுகளில் முழுமையாகச் சார்ச் ஏறியபோது இருக்கும் 57.6 வோல்ற்றைப் போட்டுப் பெருக்கி 16 அலகு என்று காட்டுவார்கள். வோல்ற்று 51.2க்கு மேலே இருந்தால் கேளுங்கள். ஆவின் தரவுத்தாள் 80 வீத இறக்கத்தை அனுமதிக்கிறது: 14.34 × 0.8 × 0.94, அதாவது 10.78 அலகு.

இ சொல்வது 800 வாற்றில் 12 மணி நேரம். 0.8 × 12 = 9.6 அலகு. இது சுமைப் பக்கத்து எண், ஆகவே இதை மீண்டும் 0.94ஆல் பெருக்கக் கூடாது. அவசரத்தில் மூவருக்கும் ஒரே சூத்திரத்தை இழுத்துவிடும்போது நடக்கும் பிழை இது, இவுக்கு அநியாயமாக அரை அலகு குறைந்துவிடும். மறுபக்கம், இந்த 12 மணி நேரம் ஓட்டிப் பார்த்து வந்ததா, பெயரளவை 0.8ஆல் வகுத்து வந்ததா என்று சிலைட்டில் இல்லை. அந்தச் சந்தேகத்தைப் புள்ளி போடும்போது கவனிப்போம். இப்போதைக்கு, உங்கள் 3 கிலோவாற்றுச் சுமையில் அந்த "12 மணி நேரம்" 3 மணி 12 நிமிடம்தான் என்பதைச் சபைக்குக் காட்டுங்கள்.

மூன்று பாஷையும் ஒரே பாஷையாகிவிட்டது: 8.66, 10.78, 9.6. உங்களுக்கு வேண்டியது 9.

இதே பதிவேட்டில் ஒரே கூற்று வேறு வேறு உடுப்போடு பலமுறை வருவதையும் பிடிக்கலாம். அவின் சிலைட்டுகளில் "6000 சுற்றுகள்" ஓரிடத்தில், "16 வருட ஆயுள்" இன்னோரிடத்தில், "நாள்தோறும் கவலையின்றி" வேறோரிடத்தில் இருக்கிறது. 6000ஐ 365ஆல் வகுத்தால் 16.4. மூன்றும் ஒன்றுதான். உங்கள் பழைய அட்டவணையில் அவுக்கு இதற்காக மூன்று நிரல்களில் புள்ளி போயிருக்கும். நேரெதிர்ப் பிழையும் உண்டு: பற்றரிக் கொள்ளளவுக்கு ஒரு நிரல், தாங்கும் நேரத்துக்கு ஒரு நிரல் என்று நாமே வைப்பது. சுமை மாறாதபோது இரண்டும் ஒரே அளவு. ஒன்றை வெட்டுங்கள்.

உத்தரவாதம் இதே மாதிரி ஒரு தலைவலி. அ: 10 வருடம், முடிவில் 70 வீதம் மிஞ்சும். ஆ: 10 வருடம், 60 வீதம், ஆனால் "அல்லது 30,000 அலகு, எது முந்துகிறதோ அது". இ: 5 வருடம், பழுதானால் புதிது. ஆவின் அந்த வரம்பு உங்களைக் கடிக்குமா என்பது பாவனையைப் பொறுத்தது. பற்றரியை நாள்தோறும் அடிமட்டம் வரை இறக்கினால் 30,000 அலகு ஏழரை வருடத்தில் தீர்ந்துவிடும், 10 வருடம் என்பது வெறும் பேச்சு. மின்வெட்டுக்கும் மாலைப் பாலுக்கும் மட்டும் பாவித்து நாளுக்கு 6 அலகில் நின்றால் 13 வருடத்துக்கு மேல் போகும், வரம்பு உங்களுக்கு ஒரு பொருட்டில்லை. உங்கள் பாவனை இரண்டாவது மாதிரி என்று எடுத்து 10 வருடத்தையே கணக்கில் வைக்கிறேன். பற்றரியை இரவெல்லாம் ஓடவிடும் எண்ணம் இருந்தால் ஆவின் புள்ளியைக் குறையுங்கள்.

பத்தாம் வருட முடிவில் பிளக்கில் எத்தனை அலகு என்று கணக்கிட்டு உத்தரவாதத்துக்குப் புள்ளி போடலாமே என்று தோன்றும். போட்டால் பெரிய பற்றரிக்கு அலகிலும் புள்ளி, இங்கேயும் புள்ளி. ஆகவே உத்தரவாதத்தை வீதத்திலும் வருடத்திலும் மட்டும் அளக்கிறேன்.

புள்ளிக்கு முன்னால் வாசற்படி ஒன்று வேண்டும். சில விடயங்களில் குறைந்தால் மற்ற எதாலும் ஈடு செய்ய முடியாது, அவற்றுக்குப் புள்ளியே கூடாது, ஆம் அல்லது இல்லை மட்டும். உங்கள் இடத்தில் முக்கியமான படி, கொம்பிரசர் பற்றரியில் ஓடத் தொடங்குமா என்பது. மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் வழமையான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். கொம்பிரசரின் பெயர்த்தகட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஓர் எண் இருந்தால் அதுதான். அது 65 அம்பியர் என்று வைத்தால், 230 வோல்ற்றில் ஏறத்தாழ 15 கிலோவோல்ற்று அம்பியர் ஒரு கணம் வேண்டும். மூன்று கொம்பனிகளும் தருவது 5 கிலோவாற்று இன்வேட்டர். அ "உச்சம் 10 கிலோவாற்று" என்கிறது, எத்தனை செக்கனுக்கு என்று சொல்லவில்லை. இ "இரு மடங்கு, 10 செக்கன்" என்கிறது. ஆ வாயே திறக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் 10க்கு மேல் போகாது. ஆகவே மூவரிடமும் ஒரே வாசகத்தைக் கேளுங்கள்: மோட்டரை மெதுவாகத் தொடங்கவைக்கும் சொப்ட் ஸ்டாட்டர் பொருத்தியோ பெரிய இன்வேட்டர் தந்தோ, மின்சார சபை இணைப்பை அணைத்துவிட்டு, தொட்டியின் கொம்பிரசரை எங்கள் நிலையத்திலேயே பத்துத் தடவை ஓட்டிக் காட்டிய பிறகே இறுதிக் கொடுப்பனவு. எழுத்தில் தர மறுப்பவரின் பெயரை அட்டவணையில் ஏற்றவே வேண்டாம். கொம்பிரசர் மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடுவது என்றால் ஒற்றைக் கட்ட இன்வேட்டர் முதலிலேயே வெளியே போய்விடும், தகட்டைப் பாருங்கள்.

இன்னொரு வாசற்படி 8 அலகு. 9 வேண்டும் என்றோம், ஆனால் கணினியையும் பாதி விளக்கையும் அணைத்தால் 8இல் ஒப்பேற்றலாம். அதற்குக் கீழே போனால் பால் பழுதாகும்.

இப்போது புள்ளி. 0 முதல் 5 வரை போதும், 100க்குப் புள்ளி போடச் சொன்னால் 72க்கும் 75க்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நிலைக்கு எத்தனை புள்ளி என்பதை உங்கள் தேவையிலிருந்து முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அலகுக்கு: 8க்கு 0, 9க்கு 3, 11க்கும் மேலேயும் 5, இடையில் நேர்கோடு. அப்படிப் பார்த்தால் அவுக்கு 2.0, இவுக்கு 3.6, ஆவுக்கு 4.8.

பலர் செய்வது வேறு: வந்தவர்களில் சிறந்தவருக்கு 5, மோசமானவருக்கு 0, நடுவில் விகிதம். இந்த முறையில் அ 0, இ 2.2, ஆ 5 பெறும். நாளைக்கு நாலாவதாக ஒருவர் 4 அலகுப் பற்றரியோடு வருகிறார் என்று வையுங்கள். உடனே அவின் புள்ளி 0இலிருந்து 3.4க்குத் தாவும், இவுக்கு 4.1. அவின் பற்றரியில் ஒரு கலம்கூட மாறவில்லை, உதவாத ஒருவர் வந்தது மட்டும்தான் நடந்தது. இந்த முறையில், வெல்லவே முடியாத ஒரு விலைமனுவை யாரோ வேண்டுமென்றே உள்ளே விட்டு ஒழுங்கைக் குழப்பலாம். தேவையை அளவுகோலாக வைத்தால் அது நடக்காது.

ஆதாரத்துக்கு ஒரே ஒரு விதி வையுங்கள். சிலைட்டில் மட்டும் இருக்கும் கூற்றுக்கு 3க்கு மேல் புள்ளி இல்லை. தரவுத்தாள், பரிசோதனைச் சான்றிதழ், கையொப்பமிட்ட கடிதம் ஏதாவது வந்தால் முழுப் புள்ளி. சிலர் நம்பிக்கை வீதம் என்று ஒன்றை வைத்துப் பெருக்குவார்கள், பாதி நம்பிக்கை என்றால் பாதிப் புள்ளி. எனக்கு அது பிடிப்பதில்லை. 10 அலகு என்று ஒருவர் சொன்னால் அது 10ஆக இருக்கும் அல்லது இல்லாமல் போகும், 5 அலகு என்று யாருமே சொல்லவில்லையே. உச்சவரம்பு வைத்தால், "போதுமானது என்று ஏற்றுக்கொள்கிறோம், பிரமாதம் என்று இன்னும் ஏற்கவில்லை" என்ற உங்கள் நிலை அப்படியே பதிவாகும். இந்த விதியில் இவின் 3.6, 3க்கு இறங்குகிறது.

வெறுங்கட்டங்களுக்கு வருவோம். 0 போட்டால் எழுத மறந்தவரைத் தண்டிக்கிறோம், சராசரி போட்டால் மறைத்தவருக்குப் பரிசு கொடுக்கிறோம். இரண்டும் வேண்டாம், "தெரியாது" என்றே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கொம்பனிக்கும் இரண்டு மொத்தம் எடுங்கள்: தெரியாததெல்லாம் 0 என்றால் எவ்வளவு, 5 என்றால் எவ்வளவு.

ஐந்து நிரை போதும். அலகு பார்த்தாயிற்று. உத்தரவாதத்துக்கு, வீதத்தையும் வருடத்தையும் பார்த்து அவுக்கு 4, ஆவுக்கு 3, இவுக்கு 1 போடுகிறேன். பராமரிப்புக்கு: யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கும் தொழில்நுட்பர் 24 மணிக்குள் வருவார் என்று எழுத்தில் இருந்தால் 5, கொழும்பிலிருந்து 72 மணிக்குள் என்றால் 2, எழுத்தில் எதுவும் தரமாட்டேன் என்றால் 0. அ "24 மணி நேரமும் வாடிக்கையாளர் சேவை" என்று போட்டிருக்கிறது. அது தொலைபேசியை எடுப்பதைப் பற்றிய வாக்கு, ஆள் வருவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே அது "தெரியாது".

உற்பத்திக்கு கொம்பனிகளின் எண்களைத் தொடவே வேண்டாம். ஒருவர் மாதத்துக்கு 900 அலகு என்கிறார், மற்றவர் வருடத்துக்கு 8,000 என்கிறார், மூன்றாமவர் ரூபாயில் சேமிப்பைச் சொல்கிறார். 900ஐ 30ஆலும் அவரது 5.5 கிலோவாற்றுத் தகடுகளாலும் வகுத்தால் ஒரு கிலோவாற்றுக்கு நாளுக்கு 5.45 அலகு. தகட்டின் பெயரளவு, கலம் 25 பாகையில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. நமது கூரையில் உச்சி வெயிலில் அது 60 பாகைக்குப் போகும். ஒரு பாகைக்கு 0.35 வீதம் என்றால் 12 வீதம் அங்கேயே போய்விடும். கார்த்திகை, மார்கழி மழை மாதங்களையும் சேர்த்தால் வருடச் சராசரியாக 4 அலகு என்று வைப்பதுதான் பாதுகாப்பு. மூவருக்கும் அதே 4ஐ அவரவர் தகட்டுக் கிலோவாற்றால் பெருக்குங்கள்: அ 22, ஆ 24, இ 20. உங்களுக்கு 20 போதும், அதற்கு 3. 24க்கு 5.

கடைசி நிரை உப்புக்காற்று. தகட்டுக்கு ஐ.ஈ.சி. 61701 உப்புப்படிவுப் பரிசோதனைச் சான்றும், தாங்கு சட்டமும் ஆணியும் என்ன உலோகம் என்ற எழுத்தும் இருந்தால் 5, சான்று மட்டும் என்றால் 3. அ இரண்டையும் தந்திருக்கிறது. ஆ "கடலோரத்துக்கு ஏற்றது" என்று ஒரு சிலைட்டு மட்டும். இ ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு விடயமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 100இல் ஒரு பங்கை நிறையாக வைத்து, புள்ளியை அதால் பெருக்கிக் கூட்டி 5ஆல் வகுத்தால் மொத்தம் வரும்.

| விடயம் | நிறை | அ | ஆ | இ |
|---|---|---|---|---|
| பிளக்கில் அலகு | 30 | 2.0 | 4.8 | 3 |
| உத்தரவாதம் | 25 | 4 | 3 | 1 |
| பராமரிப்பு | 25 | தெரியாது | 2 | 5 |
| உற்பத்தி | 10 | 4 | 5 | 3 |
| உப்புக்காற்று | 10 | 5 | 3 | தெரியாது |
| குறைந்த மொத்தம் | | 50 | 69.8 | 54 |
| கூடிய மொத்தம் | | 75 | 69.8 | 64 |

நிறைகள் B நிரலிலும் அவின் புள்ளிகள் C நிரலிலும் 2ஆம் நிரையிலிருந்து 6ஆம் நிரை வரை இருந்தால், எக்செல்லில் குறைந்த மொத்தமும் கூடிய மொத்தமும் இப்படி வரும்:

```
=SUMPRODUCT($B$2:$B$6,C2:C6)/5
=(SUMPRODUCT($B$2:$B$6,C2:C6)+5*SUMIF(C2:C6,"தெரியாது",$B$2:$B$6))/5
```

SUMPRODUCT எழுத்தை 0ஆக எடுப்பதால் முதல் வரி தானாகவே குறைந்த மொத்தத்தைத் தரும். கட்டத்தை வெறுமையாக விட்டாலும் 0தான், ஆனால் இரண்டாவது வரி அதைக் காணாது. அதனால்தான் "தெரியாது" என்ற சொல்லைத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும்.

இந்த இரண்டு மொத்தங்களும் யாருக்குக் கடிதம் போடுவது என்பதைச் சொல்லிவிடும். இவுக்கு உப்புக்காற்றில் 5 கிடைத்து, 12 மணி நேரத்துக்கு ஆதாரமும் வந்து 3.6ஐத் திருப்பிக் கொடுத்தாலும் மொத்தம் 67.6. ஆவின் 69.8ஐ அது எட்டாது. ஆகவே இவிடம் மேலும் கேட்டு நாளைக் கடத்தத் தேவையில்லை. அவின் பராமரிப்பு விடை மட்டும் முடிவை மாற்றக்கூடியது: அங்கே 4 கிடைத்தால் அவுக்கு 70, ஆவோடு சமம். அதேவேளை ஆ உப்புக்காற்றுக்கு முழுச் சான்று அனுப்பினால் 73.8 ஆகும், ஆகவே ஆவிடமும் அதைக் கேளுங்கள். அத்தனை வெறுங்கட்டங்களையும் நிரப்ப ஓடித்திரியும் இடத்தில் இப்போது இரண்டு கடிதம். மூன்று நான்கு புள்ளி வித்தியாசத்தை வித்தியாசமாக எடுக்காதீர்கள், நாம் வைத்த அளவுகோலே அவ்வளவு நுட்பமானதில்லை.

நிறைகளில்தான் சண்டை வரும், வரவும் வேண்டும். பராமரிப்புக்கு 35 கொடுத்து அலகை 20க்குக் குறைத்துப் பாருங்கள். ஆ 64.2க்கு இறங்கும். இ 58 தொடக்கம், 12 மணி நேரத்துக்கு ஆதாரமும் வந்தால், 70.4 வரை, அ 46 தொடக்கம் 81 வரை. முதலில் வெளியே போன இ திரும்பி உள்ளே வந்துவிட்டது. ஆகவே நிறையைச் சபையில் "எது முக்கியம்?" என்று கேட்டு வாங்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் எல்லாம் முக்கியம் என்பார்கள், எல்லாவற்றுக்கும் 20 வரும். அளவுகோலின் அடியையும் நுனியையும் வைத்துக் கேளுங்கள்: "8 அலகிலிருந்து 11 அலகுக்குப் போவது பெரிதா, எழுத்தில் ஒன்றும் இல்லாத நிலையிலிருந்து 24 மணிக்குள் ஆள் வரும் நிலைக்குப் போவது பெரிதா? மற்றது அதில் எத்தனை பங்கு?" பெரியதற்கு 100 போட்டு, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லி, பிறகு கூட்டு 100 ஆகும்படி சுருக்குங்கள். 24 மணிக்கும் 48 மணிக்கும் இடையில்தான் மூவரும் நிற்கிறார்கள் என்றால் பராமரிப்பு எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் அதற்குப் பெரிய நிறை தேவையில்லை என்பது இப்படிக் கேட்டால்தான் விளங்கும்.

சிலைட்டுகளை நீங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டதால் உங்கள் மனதில் ஒருவர் இருப்பார். விளக்கக் கூட்டத்துக்கு வராத உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேரிடம் கொம்பனிப் பெயர் இல்லாமல் இந்தக் கேள்விகளைக் கேட்டு நிறையை எடுங்கள், கூட்டறிக்கையில் திகதியோடு பதியுங்கள், அதற்குப் பிறகு புள்ளியைத் திறவுங்கள். உறுப்பினர்களின் புள்ளிகளை உடனே சராசரி எடுக்கவும் வேண்டாம். ஒரே கட்டத்துக்கு ஒருவர் 1, இன்னொருவர் 5 போட்டிருந்தால் ஒருவர் அடிக்குறிப்பை வாசிக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சராசரி 3 அதை மூடி மறைத்துவிடும். பதிவேட்டின் நிரையைத் திறந்து இருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

விலையை இந்த அட்டவணைக்குள் கொண்டுவராதீர்கள். புள்ளியாக மாற்றிய விலை, ரூபாயை மறைத்துவிடும். மூவருக்கும் ஒரே விலைத்தாளை அனுப்புங்கள்: தகடு, தாங்கு சட்டம், இன்வேட்டர், பற்றரி, சொப்ட் ஸ்டாட்டர், நில இணைப்பும் மின்னல் காப்பும், மின்சார சபை இணைப்புக் கட்டணம், வரி, முதல் ஐந்து வருடப் பராமரிப்பு. சிலைட்டில் மலிவாகத் தெரிந்தவர் இதில் நான்கு வரிகளை "வேறாக" என்று எழுதுவார். மொத்தம் வந்ததும் புள்ளிக்குப் பக்கத்தில் ரூபாயை வைத்து, கூடுதலாகக் கிடைக்கும் புள்ளிகள் கூடுதல் ரூபாய்க்குப் பெறுமதியா என்று சபை முடிவெடுக்கட்டும்.

தெரிவு முடிந்ததும் பதிவேட்டில் வென்றவரின் நிரைகளை அப்படியே ஒப்பந்தத்தின் இணைப்பாகப் போடுங்கள், ஆ வென்றால் "பிளக்கில் 10.78 அலகு" என்ற நாம் மாற்றிய எண்ணோடு. ஒப்படைக்கும் நாளில் பற்றரியை முழுதாகச் சார்ச் ஏற்றி, தகடுகளின் சுவிச்சையும் மின்சார சபை இணைப்பையும் அணைத்து, தொட்டியில் தண்ணீர் விட்டுக் கொம்பிரசரை ஓட்டுங்கள். அதோடு 3 கிலோவாற்று ஆகும்வரை சுமை சேர்த்து, தண்ணீர் குளிர்ந்து கொம்பிரசர் நின்றதும் அதன் இடத்தில் ஒரு ஹீற்றரைப் போட்டு, இன்வேட்டர் தானாக நிற்கும்வரை விடுங்கள். இடையில் ஒரு சாதாரண மின்மானியைப் பொருத்தி வாசிப்பை எடுங்கள். புதுப் பற்றரி 10.78க்கு 5 வீதத்துக்கு மேல் குறைந்தால் பற்றரியை மாற்றித் தரும்வரை கடைசி 10 வீதக் கொடுப்பனவை நிறுத்திவைக்கலாம் என்று அதே இணைப்பில் எழுதியிருக்க வேண்டும்.